பழகிவிட்டது என்பது சாட்சி ஆகாது

என் அக்காவுக்கு 51 வயது. திருச்சியில் பள்ளி ஆசிரியை. இரவு பதினொன்றுக்குப் படுப்பாள், விடிகாலை நாலரைக்கு அலாரம் அடிக்கும். இப்படிப் பதினைந்து வருடமாகப் போகிறது. போன வருடம் வகுப்பில் ஒரு மாணவியின் பெயர் சட்டென்று வாயில் வராமல் நின்றுவிட்டதை என்னிடம் சொன்னாள். "அஞ்சரை மணி நேரம் தூங்கினா எப்படிக்கா?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழகிப்போச்சுடா. வயசானா தூக்கம் குறையத்தானே செய்யும்" என்றாள்.

இந்தப் பதிலை நான் அவளிடம் மட்டும் கேட்கவில்லை. வங்கியில் வேலை பார்க்கும் நண்பர்கள், மளிகைக் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன், இரண்டு பிள்ளைகளைப் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் தயார் செய்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அம்மா என்று நாற்பதைத் தாண்டிய எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள். அதில் இரண்டு வாதங்கள் சேர்ந்திருக்கின்றன. நடுவயதில் தூக்கத்தின் தேவையே குறைந்துவிடும் என்பது ஒன்று. உடம்பு குறைந்த தூக்கத்துக்குப் பழகிக்கொள்ளும், பழகிவிட்டால் கேடில்லை என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பது என் உறுதியான கருத்து. முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டாவதுதான் ஆபத்தானது.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2015இல் வெளியிட்ட பரிந்துரை, 18 முதல் 60 வயது வரை எல்லோருக்கும் ஒரே கணக்கைத்தான் சொல்கிறது: இரவுக்கு ஏழு மணி நேரம் அல்லது அதற்கு மேல். முப்பதுக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று என்று அது பிரிக்கவில்லை. வயது கூடும்போது ஆழ்ந்த தூக்கம் குறைவதும் நடுவில் விழிப்பு அதிகமாவதும் உண்மை. ஆனால் அது தூங்கும் திறனில் வரும் சரிவு. பல் போனால் மெல்ல முடியாது. அதற்காக வயிற்றுக்குச் சோறு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மரபணுவிலேயே ஒரு மாற்றம் இருந்து, நான்கைந்து மணி நேரத்தில் முழு ஓய்வு பெற்று எழுபவர்கள் உலகில் இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் அப்படிச் சில குடும்பங்களைக் கண்டு 2009 முதல் எழுதிவருகிறார்கள். அவர்கள் மிக அரிது. தவிர, அவர்களுக்கு அலாரமே தேவைப்படாது. ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்குத் தானாக எழுந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறவர் அந்தக் கூட்டத்தில் இல்லை.

இனி, பழகிவிடும் என்ற வாதம்.

2003இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 ஆரோக்கியமான இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. பதினான்கு நாள். ஒரு குழுவுக்கு இரவில் எட்டு மணி நேரம் படுக்க அனுமதி, ஒரு குழுவுக்கு ஆறு, இன்னொன்றுக்கு நான்கு. பகலில் அவ்வப்போது ஒரு எளிய தேர்வு: திரையில் எண் தெரிந்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். அரை நொடிக்கு மேல் தாமதித்தால் கவனம் தவறிவிட்டது என்று கணக்கு. எட்டு மணிக் குழுவுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆறு மணிக் குழுவின் தவறுகள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, இரண்டாம் வாரக் கடைசியில் ஓர் இரவு முழுக்கக் கண் விழித்தவரின் நிலைக்கு வந்துவிட்டன. நான்கு மணிக் குழு அதைவிட மோசம்.

இந்தச் சோதனையில் என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேறு. ஒவ்வொரு நாளும் அவர்களிடம், எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது என்றும் கேட்டார்கள். முதல் சில நாள் அந்த எண் ஏறியது. பிறகு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. அதாவது, திறமை சரிந்துகொண்டே போகிறது. சரிகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுவிட்டது. என் அக்கா "பழகிப்போச்சு" என்று சொல்வது இந்த உணர்வைத்தான். அவள் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த மூளை களைத்திருக்கிறதோ, அதனிடமே போய், நீ களைத்திருக்கிறாயா என்று கேட்டு வாங்கிய சாட்சி அது. இருபது முப்பது வயதுக்காரர்களிடம் இரண்டு வாரம் பார்த்ததை வைத்து ஐம்பது வயதுக்காரரின் பதினைந்து வருடத்தைப் பற்றி முழுத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை' என்ற வாதத்தை உடைக்க இந்த ஒரு சோதனை போதும்.

அந்தப் பதினைந்து வருடத்தைப் பற்றிச் சொல்ல வேறொரு ஆய்வு இருக்கிறது. லண்டனில் வேலை பார்த்த பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேரை 1985இலிருந்து தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு அது. அரசு அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெருவின் பெயரால் அதை வைட்ஹால் ஆய்வு என்பார்கள். முதலில் இதய நோய்க்காகத் தொடங்கியது. நடுவில் ஒரு கேள்வியும் இருந்தது: வேலை நாள் இரவில் சராசரியாக எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? இந்தச் சின்னக் கேள்வியின் பதிலைக் கால் நூற்றாண்டு கழித்து செவெரின் சபியா என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவர் குழுவும் எடுத்து, யாருக்கு மறதி நோய் வந்தது என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். 2021 ஏப்ரலில் வெளிவந்த முடிவு இது. 7,959 பேரில் 521 பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது; பெரும்பாலும் எழுபதுகளில். ஐம்பது வயதில் ஏழு மணி நேரம் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி அல்லது அதற்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு ஆபத்து 22 சதவீதம் அதிகம். அறுபது வயதில் 37 சதவீதம். ஐம்பது, அறுபது, எழுபது என்று தொடர்ந்து குறைவாகவே தூங்கிவந்தவர்களுக்கு ஏறக்குறைய 30 சதவீதம்.

இந்த எண்ணை வாட்ஸ்அப்பில் வருவதுபோல் பயமுறுத்தப் பயன்படுத்த எனக்கு விருப்பமில்லை. 22 சதவீதம் என்றால் நூறு பேரில் 22 பேருக்கு வரும் என்று பொருளல்ல. சாதாரணமாக நூறு பேரில் ஆறு பேருக்கு வருமானால், குறைவாகத் தூங்குகிற நூறு பேரில் ஏழு பேருக்குச் சற்று மேல் வரும் என்று பொருள். ஒரு தனி மனிதருக்கு இது சிறிய கூடுதல். குறைவாகத் தூங்கிய பெரும்பாலோருக்கு நோய் வரவே இல்லை. ஆனால் ஒரு ஊரில், ஒரு நாட்டில், பாதிப் பேர் ஆறு மணிக்குக் கீழே தூங்கினால் அந்த ஒருவர் ஒருவராகக் கூடி எத்தனை வீடுகள் ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். பெற்ற மகனையே "நீ யார்ப்பா?" என்று கேட்கும் ஒரு தாயை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஒருவர் எவ்வளவு பெரிய எண் என்று தெரியும்.

இதற்கு அறிவார்ந்த மறுப்பு ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன், ஒதுக்கிவிட்டுப் போக மாட்டேன். டிமென்ஷியா திடீரென்று வருவதல்ல. அல்சைமர் நோயில் மூளையில் மாற்றங்கள் பதினைந்து, இருபது வருடம் முன்பே தொடங்கிவிடுகின்றன. அப்படியானால் தூக்கம் குறைந்ததால் நோய் வந்ததா, அல்லது சத்தமில்லாமல் தொடங்கிவிட்ட நோய்தான் தூக்கத்தைக் கெடுத்ததா? எழுபது வயதுக்காரரிடம் ஐந்தாறு வருடம் பார்க்கும் ஆய்வில் இந்தச் சந்தேகம் தீரவே தீராது. வைட்ஹால் ஆய்வின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. சராசரியாக 77 வயதில் நோய் கண்டறியப்பட்டவர்களின் தூக்கத்தை அது ஐம்பது வயதிலேயே கேட்டுவைத்திருந்தது. இடையில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல். மனச்சோர்வு, இதய நோய், சர்க்கரை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. ஒரு பகுதியினருக்கு மணிக்கட்டில் கருவி கட்டித் தூக்கத்தை அளந்து பார்த்தார்கள். அதுவும் அதே பக்கம்தான் கைகாட்டியது. இதனால் சந்தேகம் முழுவதும் ஒழிந்துவிட்டதா? இல்லை. மரபணுக்களைக் கொண்டு காரணத்தைத் தேடிய ஆய்வுகளில் குறைந்த தூக்கம்தான் அல்சைமருக்குக் காரணம் என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. 2024இல் லான்செட் ஆணையம் தடுக்கக்கூடிய பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டபோது தூக்கத்தை அதில் சேர்க்கவும் இல்லை. தூக்கத்தில் மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறது என்று எல்லோரும் சொல்லும் அழகான விளக்கம் 2013இல் எலிகளிடம் பார்த்தது. 2024இல் வேறொரு குழு எலிகளிடமே நேர் எதிரான முடிவைக் கண்டது. ஆகவே நான் அதன்மேல் என் வழக்கைக் கட்டவில்லை.

என் வழக்கு வேறு. ஐந்து மணி நேரம் போதும், பழகிவிட்டால் பாதகமில்லை என்று உறுதியாகச் சொல்கிறவர் காட்டவேண்டிய ஆதாரம் எங்கே? கையில் இருக்கும் ஆய்வுகளில் சில, தொடர்பு இருக்கிறது என்கின்றன. சில, காரணம் இன்னும் நிரூபணமாகவில்லை என்கின்றன. பாதுகாப்பானது என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. நிரூபணமாகவில்லை என்பதும் பயமில்லை என்பதும் ஒன்றல்ல. லான்செட்டின் பதினான்கில் தூக்கம் இல்லாவிட்டாலும் ரத்தக்கொதிப்பு இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, உடல் பருமன் இருக்கிறது, மனச்சோர்வு இருக்கிறது. இவற்றில் எதைத் தொட்டாலும் இன்னொரு முனையில் கெட்ட தூக்கம் மாட்டிக்கொண்டிருக்கும்.

இதுவரை மணிக்கணக்கைப் பற்றியே பேசினேன். இங்கே எதிர்த்தரப்புக்கு மட்டுமல்ல, என் தரப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. "எட்டு மணி நேரம் படுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று மேடையில் சொல்கிறார்களே, அது போதாது.

அமெரிக்காவில் சராசரியாக நாற்பது வயதில் இருந்த 526 பேருக்கு மணிக்கட்டுக் கருவி கட்டித் தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். பத்துப் பதினோரு வருடம் கழித்து நினைவுத் தேர்வு வைத்தார்கள். 2024 தொடக்கத்தில் முடிவு வந்தது. எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதற்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் அங்கே தொடர்பு தெரியவில்லை. தூக்கம் எவ்வளவு துண்டு துண்டாக இருந்தது என்பதுதான் பேசியது. மிக அதிகமாகத் துண்டான மூன்றில் ஒரு பங்கினர் மோசமான மதிப்பெண் எடுக்கும் வாய்ப்பு, மிகக் குறைவாகத் துண்டானவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டு அவர்கள் சொன்ன பதிலுக்கும் பின்னாளைய நினைவுக்கும்கூடத் தொடர்பு இல்லை. பார்த்தீர்களா, இங்கேயும் சொந்தச் சாட்சி தோற்றுவிட்டது.

துண்டான தூக்கம் என்றால் என்ன என்று தெரிய நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே ஓர் அருமையான ஆய்வு நடந்திருக்கிறது. பெட்ரோ பெஸோனே, கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக் முதலிய பொருளியல் ஆய்வாளர்கள் சென்னையின் குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து 452 பேரைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் அலுவலகத்தில் தரவுப் பதிவு வேலை கொடுத்து, இரவில் கையில் கருவி கட்டி அனுப்பினார்கள். 2021இல் முடிவு வந்தது. அவர்கள் படுக்கையில் இருந்தது இரவுக்கு ஏறக்குறைய எட்டு மணி நேரம். தூங்கியது ஐந்தரை மணி நேரம்! மீதி இரண்டரை மணி நேரம் புழுக்கத்திலும் கொசுவிலும் தெருச் சத்தத்திலும் போனது. ஒரே அறையில் நாலைந்து பேர், நடுவில் அழும் குழந்தை, கரண்ட் போனால் நிற்கும் மின்விசிறி. இந்த வீடுகளை அறியாத தமிழர் யாரும் இருக்க முடியாது. அவர்களுடைய தூக்கத்தின் தரம், நோயால் தூக்கம் கெட்டவர்களின் தரத்துக்கு அருகில் இருந்தது என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள்.

அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கத்தைப் பற்றிய அறிவுரையும், மெத்தை, விசிறி, கண்மறைப்பு, காதடைப்பான் போன்ற பொருள்களும் கொடுத்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் அது வந்தது படுக்கையில் கூடுதல் நேரம் கிடந்ததால்தான். தூக்கத்தின் தரம் மாறவில்லை. வேலைத் திறனோ சிந்தனைத் திறனோ மனநிலையோ கூடவில்லை. அதே நேரம், மதியம் அலுவலகத்தில் அமைதியான இடத்தில் அரைமணி நேரம் படுக்க இடம் கொடுக்கப்பட்டவர்களுக்கு மூன்றும் கூடின. அமைதியான, குளிர்ந்த, யாரும் எழுப்பாத சிறு தூக்கம், கொசுக்கடியில் கிடைத்த கூடுதல் அரைமணியை ஜெயித்துவிட்டது. ஒரு மாத ஆய்வு இது. முப்பது வருடம் கழித்து மறதி வருமா என்று இது சொல்லாது. ஆனால் இதைப் படித்த பிறகு, 'தூக்கம் வரவில்லை என்றால் சீக்கிரம் படு' என்று ஏழை மனிதருக்கு அறிவுரை சொல்ல எனக்கு நா எழவில்லை.

அப்படியானால் இப்போது என்ன செய்வது? முதல் வேலை, எந்தக் குறை என்று பிரித்துப் பார்ப்பது. நேரமே ஒதுக்காததால் வரும் குறை ஒன்று. நேரம் இருந்தும் தூக்கம் வராதது இன்னொன்று. தூங்கும்போதே மூச்சு தடைப்பட்டுத் தூக்கம் உடைவது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் கெடும். பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். இரண்டு வாரம், ஒரு நோட்டில் தினமும் காலையில் ஐந்து விஷயம்: எத்தனை மணிக்குப் படுத்தேன், தோராயமாக எப்போது தூங்கினேன், நடுவில் எத்தனை முறை எவ்வளவு நேரம் விழித்தேன், எப்போது எழுந்தேன், பகலில் கண் சொக்கியதா. இரவில் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. காலையில் நினைவிலிருந்து எழுதினால் போதும். தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்தால் ஒரு சதவீதம் வரும். 85க்கு மேல் என்றால் தூக்கம் நன்றாகவே வருகிறது, நேரம்தான் போதவில்லை. அதற்குக் கீழே என்றால் ஏதோ தடுக்கிறது.

அக்காவுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகளின் தேர்வுத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவாலேயே எழுதினாள். சராசரி இப்படி வந்தது: பதினொன்றுக்குப் படுக்கை, கைபேசி பார்த்துத் தூங்க 11.40, ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் சிறுநீர் கழிக்க எழுந்து இருபது இருபது நிமிடம், நாலரைக்கு அலாரம். படுக்கையில் 330 நிமிடம், தூங்கியது 250. நாலு மணி பத்து நிமிடம், 76 சதவீதம். நான் அதுவரை இதை நேரப் பற்றாக்குறை என்றே நினைத்திருந்தேன். இவ்வளவு குறைவாகப் படுக்கிறவள் படுத்ததும் கட்டைபோல் தூங்க வேண்டும்; 76 வரக் கூடாது. நோட்டின் ஓரத்தில் "காலையில் தலைவலி" என்று ஒன்பது நாள் எழுதியிருந்தாள். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். மாதவிடாய் நின்று இரண்டு வருடம். மாமாவிடம் கேட்டேன். "குறட்டை பெருசா இல்லப்பா. ஆனா சில சமயம் மூச்சு நின்னு நின்னு வரும், அப்புறம் ஒரு பெருமூச்சு விடுவா" என்றார்.

இவ்வளவு அடையாளம் சேர்ந்தால் அது ஸ்லீப் அப்னியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுக்குழலை அடைத்துவிடுகிறது, ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது, மூளை பதறி எழுப்புகிறது, ஒரு பெருமூச்சு, மறுபடி தூக்கம். எழுந்ததே நினைவிருக்காது. இரவில் அடிக்கடி சிறுநீர் போவது சிறுநீரகக் கோளாறு என்றே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். மூச்சடைப்பும் அதைச் செய்யும். குறட்டை விடும் தடித்த ஆணுக்குத்தான் இது வரும் என்ற எண்ணத்தால் மாதவிடாய் நின்ற பெண்கள் பலரிடம் இது கண்டறியப்படாமலே போகிறது. அவர்களிடம் குறட்டையைவிடக் களைப்பும் தலைவலியும் தூக்கமின்மையுமே முன்னால் தெரியும். அக்காவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வீட்டிலேயே செய்யும் சோதனைக்கு அவர் எழுதிக் கொடுத்தார். விரலில் ஒரு கிளிப், மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் ஒரு பட்டை. ஒரே இரவு. மூச்சுத் தடை மணிக்கு 22 முறை என்று வந்தது. ஐந்துக்குக் கீழே இருந்தால் இயல்பு, 15 முதல் 30 வரை நடுத்தரம். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு மனுஷியின் மூச்சு தடைப்பட்டுக்கொண்டிருந்தது. அவள் எல்லாம் பழகிப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் நான் அவளுக்குத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால்? சில வகை மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும், மூச்சடைப்பு கூடும். காரணம் பார்க்காமல் மருந்துக் கடையில் கேட்டு வாங்குவதை நான் எதிர்ப்பது இதனால்தான். ஏற்கெனவே பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. மருத்துவர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

காற்றை மெல்லிய அழுத்தத்தில் மூக்கு வழியாகச் செலுத்தி மூச்சுக்குழலைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவி வந்தது. முதல் வாரம் அவளுக்கு நரகம். முகமூடி கன்னத்தில் பதிந்தது, ஓரத்தில் காற்று கசிந்து கண்ணில் அடித்தது, மூக்கு வறண்டது. இந்த இடத்தில்தான் பலர் கருவியைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ஒரு அளவு சிறிய முகமூடி மாற்றினோம், காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்த் தொட்டியைச் சேர்த்தோம், மாலையில் டிவி பார்க்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகினாள். மூன்றாம் வாரம் இரவில் எழுவது நின்றது. காலைத் தலைவலி போனது. இந்தக் கருவி பிற்கால மறதியைத் தடுக்கும் என்று யாரும் உறுதி தந்துவிட முடியாது. சோதனைகள் கலவையான முடிவுதான் தந்திருக்கின்றன. அவள் நன்றாக மூச்சு விடுகிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

மூச்சில் கோளாறில்லை, நேரமும் இருக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை என்பவருக்கு வழி வேறு. இரவு ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிற ஒருவர் நடுவில் ஐந்தரை மணி நேரமே தூங்குகிறார் என்று வையுங்கள். 69 சதவீதம். அவர் செய்யும் தவறு, தூக்கம் வராததால் இன்னும் சீக்கிரமாகப் படுப்பது. படுக்கை என்றாலே புரண்டு கிடக்கும் இடம் என்று மூளை பாடம் கற்றுக்கொள்கிறது. சிகிச்சையில் நேரத்தைக் குறைப்பார்கள்: பதினொன்றுக்கு முன்னால் படுக்கையைத் தொடக் கூடாது, ஐந்துக்கு எழ வேண்டும், பகல் தூக்கம் கிடையாது. இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்ப வர வேண்டும். முதல் வாரம் பகலில் தள்ளாட்டமாக இருக்கும். அது மருந்து வேலை செய்வதன் அடையாளம். வாரக் கடைசியில் ஆறு மணியில் ஐந்து மணி இருபது நிமிடம் தூங்கினால் 89 சதவீதம். உடனே கால்மணி நேரம் கூட்டிப் பத்தே முக்காலுக்குப் படுக்கலாம். இப்படி வாரத்துக்குக் கால்மணியாக ஏறுவது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இலேயே தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இந்த வகைச் சிகிச்சையைத்தான் முதலில் வைத்தது. வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்களும், லாரி, பேருந்து ஓட்டுகிறவர்களும் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. சென்னை ஆய்வில் மருந்தாக இருந்த மதியத் தூக்கம் இவருக்கு விஷம் என்பதையும் கவனியுங்கள். பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

நேரம் ஒதுக்காதவர்கள் விஷயம்தான் எளிது என்று தோன்றும். சிகாகோவில் 2022இல் வெளியான ஆய்வில் ஆறரை மணிக்கும் குறைவாகத் தூங்கிய 80 பேரில் ஒரு பகுதியினருடன் ஒரே ஒருமுறை உட்கார்ந்து, அவரவர் வீட்டுப் பழக்கத்துக்கேற்பத் திட்டம் போட்டுக் கொடுத்தபோது, தூக்கம் சராசரியாக 1.2 மணி நேரம் கூடியது. அவர்களின் வீடுகளில் அது முடிந்தது. எங்கள் வீட்டில் முடியுமா? அக்கா நாலரைக்கு எழுவது விருப்பத்தால் அல்ல. ஐந்து மணிக்கு மாநகராட்சித் தண்ணீர் வரும், மோட்டார் போட வேண்டும். வாசல் தெளிக்க வேண்டும். இரண்டு டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். பதினொன்றுக்குப் படுப்பதும் அப்படித்தான், பாத்திரம் கழுவி முடித்த பிறகு. அவளுடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டது வயது என்று சொல்வது அநியாயம். அதை எடுத்துக்கொண்டது அந்த வீட்டு வேலைப் பங்கீடு. பதினைந்து வருடமாக நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம்.

நோட்டைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துப் பேசினோம். இரவுப் பாத்திரம் அக்காவின் பெரிய மகன் கழுவுகிறான். மதிய உணவுக்குக் காய் முந்தின மாலையே நறுக்கிவைக்கப்படுகிறது. கைபேசி கூடத்தில் சார்ஜ் ஆகிறது. மோட்டார் மாமா பொறுப்பு. ஆறாவது வாரத்தில் சராசரி: பத்தரைக்குப் படுக்கை, 10.45க்குத் தூக்கம், நடுவில் பத்து நிமிட விழிப்பு, 5.20க்கு எழுச்சி. ஆறு மணி இருபத்தைந்து நிமிடம், 94 சதவீதம். ஏழு மணிக்கு இன்னும் முப்பத்தைந்து நிமிடம் வேண்டும். மாமா ஊரில் இல்லாத நாட்களில் மட்டும் எழுந்த நேரம் 4.45 என்று சிவப்பு மையில் இருக்கிறது.